மோட்டாருக்குள் என்ன இருக்கிறது?

மதுரைக்குப் பக்கத்தில் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் மார்க்கெட்டிங் பார்க்கிறேன். விசிட்டிங் கார்டில்தான் மார்க்கெட்டிங். கொட்டேஷன் போடுவது, வருகிறவர்களுக்கு டீ சொல்வது, பாக்கி கேட்டு போன் அடிப்பது எல்லாம் என் தலையில்தான். நான்கு பிரஸ், ஒரு மிக்சிங் மில், இருபதுக்குள் ஆட்கள். கேஸ்கட், ஓ-ரிங், வால்வுக்குள் வளைந்து கொடுக்கும் சவ்வான டயாபிரம் மாதிரியான சாமான்கள் செய்கிறோம்.

சில வருஷங்களுக்கு முன் கோயம்புத்தூரில் சப்மெர்சிபிள் பம்பு செய்யும் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் எங்களைப் பார்க்க வருவதாகப் போன் வந்தது. முதல் சந்திப்பு. "செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு வர்றோம் சார்", "வாங்க சார், வாங்க". அவ்வளவுதான் பேச்சு, என்னென்ன பேசப் போகிறோம் என்று அஜெண்டா எதுவும் யாரும் அனுப்பவில்லை. முதலாளி ஆலையைக் கழுவிவிடச் சொன்னார். நான் கம்பெனியைப் பற்றிய படக்காட்சியைத் தூசி தட்டினேன். மிக்சிங் பார்க்கும் அண்ணன் மகா சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட உசிலம்பட்டிப் பக்கம் போயிருந்தார். அவர் லீவு கேட்டபோது 'விருந்தாளிகள் வந்து சுற்றிப் பார்க்கத்தானே போகிறார்கள்' என்று நானே சரி சொன்னேன்.

வந்தவர்களில் ஒருவர் பர்ச்சேஸ், இன்னொருவர் டிசைன். நாற்பது நிமிஷம் எங்கள் கதையைக் காட்டினோம். டிசைன்காரர் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஒரு வரைபடத்தை எடுத்து வைத்தார். மோட்டார் மூடிக்கு வரும் வளையம். உள்விட்டம் 120 மில்லிமீட்டர், கூட்டிக் குறைக்க 0.4 இடம், மெட்டீரியல் என்ற இடத்தில் 'ரப்பர், 70 ஷோர் ஏ'. கடினம் எவ்வளவு என்பதோடு சரி. எந்த ரப்பர் என்று அவர் எங்களிடம் கேட்டார். பதில் சொல்ல வேண்டியவர் குலசாமி கோயிலில். "தண்ணியில நிக்கிற பம்புதானே, ஈபிடிஎம் போட்டுடலாம் சார்" என்றேன் நான். அவருக்கும் அது சரியாகப்பட்டது. போர்வெல்லில் இறங்குவது தண்ணீருக்குள்தான், யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

சப்மெர்சிபிள் மோட்டாரில் இரண்டு வகை உண்டு. உள்ளே தண்ணீர் நிரப்பியது ஒன்று, எண்ணெய் நிரப்பியது இன்னொன்று. ஈபிடிஎம் தண்ணீருக்கும் வெயிலுக்கும் நன்றாகத் தாங்கும், ஆனால் மினரல் எண்ணெயைக் குடித்து உப்பிவிடும். எண்ணெய்க்கு நைட்ரைல் ரப்பர்தான். அந்த வரைபடம் எண்ணெய் மோட்டாருடையது. மோல்டு வெட்டி, சாம்பிள் அடித்து அனுப்பிய பிறகு, எண்ணெயில் 70 மணி நேரம் ஊறப்போட்டு எடுத்த வளையம் பள்ளத்தில் உட்காரவே மறுத்ததாக அவர்கள் படம் அனுப்பினார்கள். சரி, நைட்ரைலில் அடித்துவிடலாம் என்றால் அதுவும் நேராக முடியவில்லை. சூடான மோல்டிலிருந்து வெளியே வந்ததும் ரப்பர் கொஞ்சம் சுருங்கும், அந்தச் சுருக்கம் கலவைக்குக் கலவை மாறும். எங்களுடைய அந்த இரண்டு கலவைக்கும் அரை சதவீத வித்தியாசம். 120 மில்லிமீட்டரில் அரை சதவீதம் என்றால் 0.6, வரைபடம் விட்ட இடமோ 0.4. மோல்டைத் திரும்ப வெட்டினோம், செலவு எங்களுடையது. வேலை முடிவதற்குள் ஆர்டர் வேறு பக்கம் போய்விட்டது.

முதலாளி திட்டவில்லை. "தம்பி, அந்த மோட்டாருக்குள்ள என்ன இருக்குன்னு ஒருத்தர்கூடக் கேக்கலையா?" என்று மட்டும் கேட்டார். மூன்று மணி நேரம் உட்கார்ந்து பேசியிருக்கிறோம், மதியம் கறிச்சோறுகூட ஆயிற்று. அந்த ஒரு கேள்விக்குத்தான் இடமில்லாமல் போனது.

அதற்குப் பிறகுதான் வெளியாட்களோடு முதல் சந்திப்பு என்றால் அஜெண்டா அனுப்ப ஆரம்பித்தேன். 'நிகழ்ச்சி நிரல்' என்று எழுதினால் இறைவணக்கம், வரவேற்புரை என்று ஏதோ ஆண்டுவிழா மாதிரி இருக்கிறது, அதனால் எங்கள் ஆலையில் அஜெண்டாதான்.

சென்னை அம்பத்தூரில் தண்ணீர் வால்வு செய்யும் ஒரு கம்பெனிக்கு அனுப்பியதைச் சொல்கிறேன். சந்திப்பு செவ்வாய்க்கிழமை, அனுப்பியது முந்தின வியாழக்கிழமை. நடுவில் அவர்களுக்கு வெள்ளி, சனி, திங்கள் என்று மூன்று வேலை நாள் இருந்தது. மெயில் இங்கிலீஷில் போனது, தமிழில் இப்படி வரும்:

செவ்வாய் காலை 11 முதல் 12.30 வரை, எங்கள் ஆலையில்.
1. வால்வுக்குள் ஓடுவது என்ன தண்ணீர், அதிகபட்ச அழுத்தம் எவ்வளவு? (30 நிமிடம். உங்கள் டிசைன் பொறியாளர் இருந்தால் நல்லது. எங்கள் பக்கம் மிக்சிங் பார்ப்பவர் இருப்பார்.)
2. இப்போது வாங்கும் டயாபிரம் எந்த இடத்தில், எத்தனை மாதத்தில் போகிறது? போனதில் இரண்டு கொண்டுவர முடியுமா? (20 நிமிடம்)
3. மோல்டு யாருடையது, செலவை எப்படிப் பார்ப்பது? (15 நிமிடம். பேச்சு மட்டும், முடிவு அன்றைக்கு வேண்டாம்.)
4. ஆலையைச் சுற்றிப் பார்ப்பது (15 நிமிடம்)
5. நீங்கள் பேச நினைப்பது: ________
விலை இந்தச் சந்திப்பில் இல்லை. சாம்பிள் தேறியபின் பேசலாம்.

ஒரு பக்கத்துக்குள் முடிகிறது. இதில் நான் பிடிவாதமாக இருப்பது தலைப்புகளைக் கேள்வியாக எழுதுவதில். 'மெட்டீரியல் பற்றிய விவாதம்' என்று எழுதினால் எதிர்ப்பக்கம் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். 'என்ன தண்ணீர்?' என்று கேட்டால் பதில் தெரியாதவர் தெரிந்தவரைத் தேடிப் போகிறார். யார் பதில் சொல்ல வேண்டும் என்று பக்கத்திலேயே எழுதுவதால் அறைக்குள் யார் இருக்க வேண்டும் என்பதும் அப்போதே தீர்ந்துவிடும். முதலில் பர்ச்சேஸ் ஆட்கள் இரண்டு பேர் வருவதாகத்தான் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மதியம், மெயில் வந்ததா என்று போன் அடித்தேன். மெயிலை மட்டும் நம்பினால் பாதிப்பேர் திறந்தே பார்ப்பதில்லை, இந்த போன் கட்டாயம். "முதல் கேள்விக்கு எங்களுக்கே பதில் தெரியாது சார், டிசைன்ல கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார் பர்ச்சேஸ்காரர். சனிக்கிழமை பதில் வந்தது: குளோரின் கலந்த குடிதண்ணீர். ஒருவருக்குப் பதிலாக டிசைன் பொறியாளர் வருகிறார். ஐந்தாவது வரியிலும் ஒன்று நிரப்பியிருந்தார்கள்: 'டெஸ்ட் ரிப்போர்ட் உங்கள் லேபிலா, வெளியிலா?'

அந்த ஐந்தாவது வரியை ஆரம்பத்தில் மரியாதைக்காகத்தான் விட்டேன். இந்த முறை அது என்னைத்தான் ஓட வைத்தது. எங்களிடம் ஹார்ட்னஸ் பார்க்கும் கருவியும் ஒரு ஓவனும்தான் உண்டு, பெரிய லேப் கிடையாது. நேரில் கேட்டிருந்தால் "பண்ணித் தந்துடலாம் சார்" என்று வழக்கம்போலச் சொல்லியிருப்பேன். சனி, திங்கள் இரண்டு நாளில் வெளி லேப் ஒன்றில் விசாரித்து, எந்த டெஸ்டுக்கு எவ்வளவு, எத்தனை நாள் என்று எழுதி வாங்கி வைத்தேன். மிக்சிங் அண்ணன் தன் பங்குக்கு ஈபிடிஎம்மில் இரண்டு விதமாகக் கலந்து இரண்டு ஷீட் அடித்து வைத்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை டிசைன் பொறியாளர் ஒரு பிளாஸ்டிக் கவரிலிருந்து போன டயாபிரம் இரண்டை எடுத்து மேஜையில் வைத்தார். அண்ணன் ஒன்றை எடுத்து மடக்கிப் பார்த்தார், விரிசல் இல்லை. அப்புறம் தண்ணீர் படும் பக்கத்தைப் பெருவிரலால் அழுத்தித் தேய்த்துவிட்டு விரலை எல்லோருக்கும் காட்டினார். அடுப்புக்கரி தொட்டதுபோல் கறுப்பு. "சல்பர் க்யூரா சார் இது?" என்றார். பொறியாளருக்குத் தெரியவில்லை. குளோரின் ரப்பரின் மேல்தோலை அரித்தால் உள்ளே இருக்கும் கரிப்பொடி இப்படி உதிர்ந்து வரும், குழாயில் கறுப்புத் துகளாக வருகிறது என்று வீட்டுக்காரர்கள் புகார் சொல்வதும் இதனால்தான் இருக்கும் என்று அண்ணன் விளக்கினார். கந்தகம் போட்டு வேகவைத்த ஈபிடிஎம்மைவிட பெராக்சைடு போட்டு வேகவைத்தது இதற்கு நன்றாக நிற்கும், விலை மட்டும் கூட. தான் அடித்து வைத்திருந்த இரண்டு ஷீட்டும் அந்த இரண்டு வகைதான். "துகள் புகார் நெஜமாவே இருக்கு சார்" என்றார் பொறியாளர். அது அவர்கள் மெயிலில் இல்லை. கெட்டுப்போன சாமான் கையில் இருந்ததால் வந்த பேச்சு அது.

முதல் இரண்டு கேள்விக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது, நான் நிறுத்தவில்லை. ஆலையைச் சுற்றிப் பார்ப்பதை ஐந்து நிமிஷத்தில் முடித்தோம். நிமிஷக் கணக்கு எழுதுவது எதைச் சுருக்கலாம் என்று தெரிவதற்குத்தான், மணி அடிப்பதற்கு இல்லை.

நான் கெடுத்த அஜெண்டாக்களும் உண்டு. ஒரு இடத்துக்குப் பதினான்கு கேள்வி அனுப்பினேன். "என்ன சார், வாங்க வர்றது நாங்க, பரீட்சை வைக்கிறது நீங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள், ஆனால் வரவில்லை. இன்னொரு தடவை மோல்டு விஷயத்தில் 'முன்பணம் 50 சதவீதம்' என்று நம் கணக்கையே எழுதிவிட்டேன். அவர்கள் அதற்கு மறுப்பைத் தயார் செய்துகொண்டு வந்தார்கள். தயாராக நேரம் கொடுத்தது நான்தானே! இப்போது கேள்வியோடு நிறுத்திக்கொள்கிறேன், நம் கணக்கு பையில் இருக்கும்.

பணம் எப்போது தருவீர்கள் என்பதையும் முதல் அஜெண்டாவில் வைப்பதில்லை. எங்களைப் போன்ற குறு, சிறு கம்பெனிக்கு ஒப்பந்தம் போட்டாலும் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். நியாயமான விஷயம்தான். ஆனால் முகம் பார்ப்பதற்கு முன்னால் அதை எழுதினால் வக்கீல் நோட்டீஸ் வாசனை அடிக்கிறது. கொட்டேஷனோடு போகட்டும்.

அம்பத்தூர்க்காரர்கள் முதலில் 200 டயாபிரம் கேட்டார்கள், மோல்டு அவர்கள் பணம். பேசி முடிக்க இன்னும் இரண்டு சந்திப்பு ஆயிற்று.

மிக்சிங் அண்ணன் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். அஜெண்டா போகும் முன் என் மேஜைக்கு வந்து, தன் பெயர் எந்தக் கேள்விக்கு எதிரில் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மில்லுக்குப் போவார். இந்த வருஷம் சிவராத்திரிக்கு இரண்டு வாரம் முன்னாலேயே வந்து, "அந்த வாரம் யாரையும் வரச்சொல்லாத தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்.