வாட்ஸ்அப் பிசினஸ்ல கேட்லாக், ஆர்டர், ஆஃபர்: நாங்க சம்மதம் கேட்டு ஆரம்பிச்ச விதம்

நானும் அக்காவும் துணிப்பை தைச்சு விக்கிறோம், கடைன்னு தனியா எதுவும் இல்ல, எல்லாம் போன்ல தான். ரொம்ப நாள் சாதாரண வாட்ஸ்அப்லயே ஓட்டிட்டு இருந்தோம், யாராவது கேட்டா கேலரில தேடி ஃபோட்டோ அனுப்பறது, அதுக்கு அவங்க "இதுல வேற கலர் இருக்கா"ன்னு கேக்கறது, மறுபடி தேடறதுன்னு போகும். அப்புறம் தான் பிசினஸ் ஆப்புக்கு மாறினோம். கேட்லாக்கும் ஆர்டரும் பெரிய தலைவலியா இல்ல, ஆஃபர் அனுப்பற விஷயத்துல தான் நிறைய யோசிக்க வேண்டியிருந்தது. அதனால அதைப் பத்தி கொஞ்சம் விரிவாவே எழுதறேன்.

நம்பர் விஷயம் சீக்கிரம் சொல்லிடறேன். ஒரே நம்பரை சாதாரண ஆப்லயும் பிசினஸ் ஆப்லயும் ஒண்ணா வெச்சுக்க முடியாது. சொந்த நம்பரையே மாத்தினா சாட் எல்லாம் பிசினஸ் பக்கம் போயிடும், வீட்டு பேச்சும் வியாபாரமும் கலந்து கிடக்கும். நாங்க தனி சிம் வாங்கிட்டோம், ஒரே போன்ல ரெண்டு ஆப்பும் ஓடுது. பழைய நம்பரையே மாத்தறதா இருந்தா முதல்ல பேக்கப் எடுத்துட்டு செய்யுங்க.

கேட்லாக்ல 500 ஐட்டம் வரைக்கும் போடலாம், ஒவ்வொண்ணுக்கும் 10 ஃபோட்டோ வரைக்கும். எங்களுக்கு அவ்ளோ தேவையே இல்ல. யோசிக்க வேண்டியது கலர் தான். ஒரே பை நாலு கலர்ல இருந்தா ஒரே ஐட்டமா போட்டு உள்ள நாலு ஃபோட்டோ வெக்கலாம்னு தோணும், ஆனா ஆர்டர் வரும்போது "பெரிய பை, 3" ன்னு மட்டும் வரும், எந்த கலர்னு திருப்பி கேக்கணும். அதனால ஒவ்வொரு கலரையும் தனி ஐட்டமா போட்டு, ஐட்டம் கோட் கேக்கற இடத்துல மாடல் நம்பரும் கலரும் சேத்து போட்டோம், பெரிய பை நீலம்னா `B12-NV`, மெரூன்னா `B12-MR`. அதே கோடை தைச்சு முடிச்ச பைகளை அடுக்கற டப்பாலயும் ஒட்டிட்டோம், ஆர்டர் வந்தா அக்கா பேரைப் படிக்க மாட்டா, கோடைப் பாத்து எடுத்துடுவா. மாடல் நிறைய ஆனதும் கலெக்‌ஷன்னு ஒரு வசதி இருக்கு, அதுல ஆபீஸ் பை, பயணப் பைன்னு பிரிச்சு வெச்சோம்.

ஸ்டாக் தீந்தா டெலீட் பண்ணாதீங்க, ஹைட் பண்ணா போதும், மறுபடி தைச்சதும் அப்படியே திருப்பி காட்டலாம். இன்னொண்ணு, புதுசா ஐட்டம் போட்டதும் உடனே எல்லாருக்கும் தெரியாது, வாட்ஸ்அப்காரங்க ரிவ்யூ பண்ணி முடிச்சப்புறம் தான் தெரியும். அதனால ஆஃபர் அனுப்பற அன்னிக்கே புது பையை ஏத்தறது வேண்டாம், முன்னாடியே ஏத்திட்டு வேற போன்ல இருந்து தெரியுதான்னு பாத்துக்கறது நல்லது.

ஆர்டர் எப்படி வரும்னு ஒரு உதாரணம். ஒருத்தர் கேட்லாக் திறந்து நீலப் பை 3, மெரூன் 2 கார்ட்ல போட்டு அனுப்பினார். அனுப்பற வரைக்கும் அவர் கார்ட்ல என்ன இருக்குன்னு நமக்கு தெரியவே தெரியாது, அனுப்பினதும் ஒரு மெசேஜா வந்து விழும், திறந்தா ஐட்டம், எண்ணிக்கை, உத்தேச மொத்தம் எல்லாம் இருக்கும். "உத்தேசம்"ங்கறது தான் முக்கியம். நம்மகிட்ட எத்தனை பை மிச்சம்னு கார்ட்டுக்கு தெரியாது, அனுப்பற செலவும் அதுல சேராது. அன்னிக்கு மெரூன் ஒண்ணு தான் இருந்தது. "நீலம் 3, மெரூன் 1 இப்பவே அனுப்பலாம், இன்னொரு மெரூன் வேணும்னா அடுத்த வாரம் ஆகும், இல்லன்னா அதுக்கு பதிலா பச்சை தரலாம், எப்படி பண்ணட்டும்?"னு கேட்டேன். பச்சைன்னு சொன்னார். உடனே கடைசியா முடிவான லிஸ்ட், மொத்த தொகை, எந்த விலாசம், எப்ப அனுப்பறோம் எல்லாத்தையும் ஒரே மெசேஜா எழுதி "சரியா இருந்தா ஓகே சொல்லுங்க"ன்னு அனுப்பினேன். அவர் ஓகே சொன்னதுக்கு அப்புறம் தான் எங்க கணக்குல அது ஆர்டர். கார்ட் வந்ததையே ஆர்டர்னு எடுத்துக்கிட்டா பின்னாடி சண்டை தான் மிச்சம்.

இந்த கன்ஃபர்ம் மெசேஜோட அச்சை குவிக் ரிப்ளைல சேவ் பண்ணி வெச்சிருக்கேன், `/` தட்டினா லிஸ்ட் வரும், தேர்ந்தெடுத்து நம்பரை மட்டும் நிரப்பணும். ஒவ்வொரு சாட்லயும் ஒட்டற லேபிள் இதெல்லாம்: புது ஆர்டர், பணம் வரணும், பணம் வந்தாச்சு, அனுப்பியாச்சு. சாயங்காலம் "பணம் வரணும்" லேபிளைத் திறந்தாலே யாரைக் கேக்கணும்னு தெரிஞ்சுடும்.

இப்போ ஆஃபர். எங்ககிட்ட ஏற்கனவே வாங்கினவங்க நம்பர் எல்லாம் இருக்கு. எல்லாருக்கும் ஒரே தட்டுல அனுப்பிடலாமேன்னு தெரிஞ்சவங்க சொன்னாங்க, ஒருத்தர் நம்பர் லிஸ்ட் விலைக்கு கிடைக்கும்னே சொன்னார். ரெண்டுமே வேண்டாம்னுட்டோம். பை வாங்கறதுக்காக நம்பர் குடுத்தவங்க அந்த பை பத்தி பேசத்தான் குடுத்தாங்க. வாட்ஸ்அப்போட பிசினஸ் விதியும் அதையே தான் சொல்லுது, மெசேஜ் அனுப்பலாம்னு அவங்க சம்மதம் குடுத்திருக்கணும், வேண்டாம்னா நிறுத்தணும். விதியை விடுங்க, நிறைய பேர் பிளாக் பண்ணி ரிப்போர்ட் அடிச்சா நம்பரே முடங்கிடும், அதோட ஆர்டர் வர்ற வழியும் போச்சு.

அதனால ஆர்டர் விஷயம் வேற, ஆஃபர் விஷயம் வேறன்னு பிரிச்சோம். "உங்க பார்சல் கிளம்பிடுச்சு"ன்னு சொல்ல தனியா கேக்க வேண்டாம், அது அவங்களே எதிர்பாக்கறது. ஆஃபருக்கு மட்டும், பை கையில கிடைச்சுதுன்னு அவங்க சொன்னதுக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை கேப்போம். வாசகம் இது தான்: "புது மாடல், தள்ளுபடி வந்தா மாசத்துக்கு ரெண்டு மெசேஜுக்கு மேல போகாம இதே நம்பர்ல இருந்து அனுப்பலாமா? வேணும்னா 'ஆஃபர் வேணும்'னு பதில் போடுங்க. பதில் போடலன்னா அனுப்ப மாட்டோம், ஆர்டருக்கு எந்த பாதிப்பும் இல்ல." என்ன வரும், எத்தனை வரும், யாருகிட்ட இருந்து வரும்னு மூணும் அதுல இருக்கு. பணம் கட்டறதுக்கு முன்னாடி கேட்டா, சரின்னு சொன்னா தான் பை வரும்போலன்னு நினைச்சு சொல்லிடுவாங்க, அது சம்மதமே இல்ல.

பதில்ல தான் குழப்பம் வரும். "நன்றி"ன்னு போடுவாங்க, கும்பிடு பொம்மை போடுவாங்க, பை நல்லா இருக்குன்னு போடுவாங்க. அக்கா அதையெல்லாம் ஆமான்னு எடுத்துக்கலாம்னா, நான் ஒத்துக்கல. தெளிவா சொன்னா மட்டும் தான் சேத்தோம், மௌனம்னா இல்லைன்னு அர்த்தம். பழைய கஸ்டமர் எல்லாருக்கும் சம்மதம் கேட்டு மொத்தமா மெசேஜ் அனுப்பறதும் கேக்காம அனுப்பற மெசேஜ் தானே, அதனால அவங்களா அடுத்த தடவை பேசும்போது கேட்டுக்கிட்டோம். லிஸ்ட் மெதுவா தான் வளந்தது.

பார்சலுக்குள்ள வெக்கற சீட்டுல ஒரு க்யூஆர் கோடும் போட்டோம், அதுக்குள்ள இருக்கறது இந்த மாதிரி லிங்க்:

```
https://wa.me/<நாட்டு எண்ணோட மொபைல் நம்பர்>?text=OFFER
```

நம்பர்ல பிளஸ், இடைவெளி, முன்னாடி பூஜ்யம் எதுவும் வரக்கூடாது, வந்தா லிங்க் வேலை செய்யாது. ஸ்கேன் பண்ணா நம்ம சாட் திறந்து அந்த வார்த்தை டைப் ஆகி நிக்கும், ஆனா அனுப்பற பட்டனை அவங்க தான் அழுத்தணும். அவங்களா அழுத்தி வர்றதால யார் கேட்டாலும் காட்டலாம். என்ன வரும், எத்தனை வரும்னு அந்த சீட்டுலயும் எழுதியிருக்கு.

சம்மதம் சொன்னவங்களுக்கு "ஆஃபர் ஓகே"ன்னு லேபிள். கூடவே ஒரு நோட்டுல தேதி, எப்படி சொன்னாங்க, என்ன வார்த்தைன்னு எழுதிடுவோம். சாட்லயே இருக்கேன்னு விட முடியாது, சிலர் மறையும் மெசேஜ் ஆன் பண்ணி வெச்சிருப்பாங்க, அவங்க சொன்ன "வேணும்" கொஞ்ச நாள்ல காணாம போயிடும்.

அனுப்பறது பிராட்காஸ்ட் லிஸ்ட்ல. குரூப் வேண்டவே வேண்டாம், ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்கு தெரியும், அதுக்கு யாரும் சம்மதிக்கல. பிராட்காஸ்ட்ல ஒவ்வொருத்தருக்கும் தனி மெசேஜா போகும், பதிலும் தனி சாட்ல வரும். ஒரு லிஸ்ட்ல 256 பேர் வரை. ஆனா நம்ம நம்பரை அவங்க போன்ல சேவ் பண்ணியிருந்தா தான் போய் சேரும். இது தெரியாதவங்க தான் "அனுப்பினேன், ஒருத்தரும் வாங்கல"ன்னு புலம்பறது. கண்டுபிடிக்கறது சுலபம், அனுப்பின மெசேஜை அழுத்திப் பிடிச்சு இன்ஃபோ பாருங்க, யாருக்கு டெலிவர் ஆச்சுன்னு பேர் வரும். ஒருத்தர் பேர் ரெண்டு மூணு தடவையும் வரலன்னா பெரும்பாலும் சேவ் பண்ணல, இல்ல பிளாக் பண்ணிட்டாங்க. அதுக்காக "சேவ் பண்ணுங்க"ன்னு துரத்த மாட்டோம், "ஆஃபர் வேணும்"னு சொன்ன அன்னிக்கே "சேவ் பண்ணிக்கோங்க, இல்லன்னா வராது"ன்னு ஒரு தடவை சொல்றதோட சரி.

மெசேஜ் சின்னதா தான் இருக்கும். எந்த பை, எவ்ளோ குறைச்சிருக்கோம், எந்த தேதி வரைக்கும், கேட்லாக்ல அந்த ஐட்டத்தோட லிங்க், கடைசி வரில "வேண்டாம்னா நிறுத்துன்னு போடுங்க". தள்ளுபடி விலையை கேட்லாக்லயும் மாத்திட்டு தான் அனுப்புவோம், இல்லன்னா கார்ட்ல பழைய விலை வரும்.

"நிறுத்து"ன்னு வந்தா அன்னிக்கே லேபிளை எடுப்போம், நோட்டுல தேதி போடுவோம், "சரி, இனிமே ஆஃபர் வராது, ஆர்டர் சம்பந்தமா மட்டும் பேசுவோம்"னு ஒரே வரி பதில். ஏன்னு கேக்க மாட்டோம். இங்க ஒரு விஷயம் பாத்துக்கணும், லேபிளை எடுத்தா மட்டும் போதாது, ஏற்கனவே உண்டாக்கின பிராட்காஸ்ட் லிஸ்ட்ல அவங்க பேர் இருந்தா அதுலயும் போய் எடுக்கணும். ஒவ்வொரு தடவை அனுப்பறதுக்கு முன்னாடியும் அக்கா நோட்டைப் படிப்பா, நான் லிஸ்டோட சரி பாப்பேன்.

லிஸ்ட் பெருசாகிட்டா வாட்ஸ்அப்போட ஏபிஐ பக்கம் போகலாம், அதாவது ஆப் இல்லாம வேற சாஃப்ட்வேர் மூலமா அனுப்பற வழி, அங்க நம்பரை சேவ் பண்ணியிருக்கணும்ங்கறது இல்ல, ஆனா டெம்ப்ளேட்டுக்கு, அதாவது மெசேஜோட அச்சுக்கு, முன்னாடியே அனுமதி வாங்கணும், ஆஃபர் மெசேஜுக்கு காசு, சம்மதம் அங்கயும் வேணும். எங்க லிஸ்ட் இன்னும் ஒரே பிராட்காஸ்ட்ல அடங்குது, அதனால இப்போதைக்கு அந்தப் பக்கம் போகல.