பாலுவை நம்பலாமா?

குடியாத்தத்திலிருந்து வேலூருக்குப் படிக்க வரும் எம்.ஏ. மாணவி ஒருத்தி, ஆய்வேட்டுத் தலைப்பை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தாள். சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' (1981) நாவலின் கதைசொல்லி பாலுதான் தலைப்பு. பொதுவாக எல்லோரும் நாவலின் நாயகனான எழுத்தாளன் ஜே.ஜே.யைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

"ஐயா, ஜே.ஜே.யைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பாலு சொல்லித்தான். இரண்டாம் பகுதியில் ஜே.ஜே.யின் நாட்குறிப்புகளை நம் முன் வைப்பவனும் அவனே. இவ்வளவு ஆராதிக்கிறவனை எப்படி நம்புவது?"

கேள்வி கச்சிதம். ஆனால் அடுத்த பத்தியிலேயே 'நம்பகமற்ற கதைசொல்லி' என்று முத்திரை குத்திவிட்டாள். 1961இல் அமெரிக்க விமர்சகர் வேய்ன் பூத் இந்தக் கருத்தைச் சொன்னபோது, நாவலின் மதிப்பீடுகளிலிருந்து கதைசொல்லி விலகுவதைத்தான் அளவுகோலாக வைத்தார். ஆராதனை மட்டும் அதற்குப் போதாது.

அதனால் இப்படிப் பதில் போட்டேன்: "சரிம்மா, தலைப்பு இருக்கட்டும். முத்திரையை மட்டும் எடுத்துவிடு. பாலுவின் ஜே.ஜே.யும் நாட்குறிப்பின் ஜே.ஜே.யும் முரண்படும் இடங்களைப் பக்க எண்ணோடு எழுதி வா. முரண்பாடே கிடைக்காவிட்டால், இரண்டு குரலும் ஏன் ஒன்றாக ஒலிக்கின்றன என்பதே உன் ஆய்வு. இயல் பிரிப்பதெல்லாம் அப்புறம்."