டிவி ஸ்பீக்கரில் வசனம் மட்டும் கேட்கவில்லையா? முதலில் டவுன்மிக்ஸைப் பாருங்கள்

கன்சோலில் விளையாடும்போது குண்டு வெடிப்பது வீடு அதிரக் கேட்கிறது, பின்னணி இசை தெளிவாக ஒலிக்கிறது, கதாபாத்திரம் வாயைத் திறந்தால் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல ஒரு முணுமுணுப்பு. இந்தக் கோளாறுக்கு டிவி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையிலிருந்து எனக்குக் கிடைத்த பதில், "ஸ்பீக்கர் பலவீனமாகியிருக்கும், மாற்றிவிடுங்கள்" என்பதுதான். செய்தி சேனலில் அதே ஸ்பீக்கரில் குரல் கணீரென்று கேட்கிறது என்று சொல்லியும் எடுபடவில்லை. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை. ஸ்பீக்கரில் எந்தப் பழுதும் இல்லை. கன்சோல் அனுப்பிய ஒலியில், வசனம் இருக்கும் ஒலித்தடம், அதாவது ஒலிச் சேனல், டிவிக்குள் தொலைந்துகொண்டிருந்தது.

முன், நடு, பின் என்று ஆறு சேனல்களாக வரும் 5.1 ஒலியில் வசனத்தின் பெரும்பகுதி நடுச் சேனலில்தான் வரும். டிவியில் இருப்பதோ இடது, வலது என்று இரண்டு ஸ்பீக்கர். அதனால் யாராவது ஒருவர் நடுச் சேனலை எடுத்து இரண்டு பக்கமும் கலந்து கொடுக்க வேண்டும். அதுதான் டவுன்மிக்ஸ். வழக்கமான கணக்குப்படி நடுச் சேனல் 0.707 மடங்காக, அதாவது 3 டெசிபல் குறைத்து, இரு பக்கமும் சேர்க்கப்படும். இந்த வேலையை விளையாட்டோ கன்சோலோ செய்தால் நல்லது. டிவியிடம் விட்டால் இரண்டு விதமாகக் கெடலாம்.

ஒன்று, டிவி முன்பக்க இரண்டு சேனல்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும். வசனம் போய்விடும், அதன் எதிரொலி மட்டும் இடது வலதில் மிஞ்சும். கிணற்றுக் குரல் இதுதான். இரண்டு, டிவி ஒழுங்காகவே கலக்கும், ஆனால் எல்லாம் கூடி ஒலி உடைந்துவிடக் கூடாதென்று மொத்தத்தையும் தாழ்த்திவிடும். முன் சேனல் 1, நடு 0.707, பின் 0.707 என்று கூட்டினால் 2.414 வரும். அதை 1-க்குள் அடக்க வேண்டுமானால் ஏறக்குறைய 7.7 டெசிபல் குறைத்தாக வேண்டும். அப்போது குரல் தெளிவாக இருக்கும், ஆனால் எல்லாமே சன்னமாகக் கேட்கும்.

உங்களுக்கு வந்திருப்பது எது என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. விளையாட்டுக்குள் நின்ற இடத்தில் பேசிக்கொண்டே இருக்கும் ஒருவருக்கு நேர் எதிரே நில்லுங்கள். பிறகு நகராமல் கேமராவை மட்டும் மெதுவாக 90 டிகிரி திருப்புங்கள். நேராகப் பார்க்கும்போது மங்கிப்போகும் குரல், பக்கவாட்டில் திரும்பியதும் பளிச்சென்று கேட்டால், நடுச் சேனல் தொலைகிறது என்று உறுதியாகச் சொல்லலாம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி மங்கலாக இருந்தால் ஈக்வலைசர் பக்கம் போகலாம். இதைச் செய்யாமல் ஈக்வலைசரைத் திருகுவது வீண் வேலை. வராத சேனலை எந்த ஈக்வலைசராலும் தூக்க முடியாது.

இந்தக் கோளாறு பெரும்பாலும் சவுண்ட்பாரோ ஆம்ப்ளிஃபயரோ இணைத்திருந்து, பிறகு அதைக் கழற்றிய இடங்களில்தான் வருகிறது. கன்சோல் பழைய அமைப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். பிளேஸ்டேஷன் 5-இல் Settings, Sound, Audio Output வரிசையில் போய் HDMI Device Type என்பதை TV ஆக்குங்கள். Audio Format என்பதில் Linear PCM. டிவி ஸ்பீக்கருக்கான 3D ஆடியோ இயக்கத்தில் இருந்தால், சோதித்து முடிக்கும்வரை அணைத்து வையுங்கள். கீழ்நோக்கியோ பின்நோக்கியோ ஒலிக்கும் ஸ்பீக்கர்களில் அது குரலைக் கலைத்துவிடலாம். எக்ஸ்பாக்ஸ் சீரிஸில் Settings, General, Volume & audio output போய் HDMI audio என்பதை Stereo uncompressed ஆக்கினால் போதும். ஸ்விட்சில் TV Sound என்பதை Stereo.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எத்தனை சேனல் என்பதைச் சில விளையாட்டுகள் தொடங்கும்போது மட்டுமே கவனிக்கும். அமைப்பை மாற்றிவிட்டு அப்படியே திரும்பப் போனால் ஒரு வித்தியாசமும் தெரியாது. மாற்றியது பயனில்லை என்று பழையபடி வைத்துவிடத் தோன்றும். விளையாட்டை முழுக்க மூடித் திறந்து, மறுபடியும் அந்தக் கேமரா சோதனையைச் செய்யுங்கள். விளையாட்டின் ஒலி மெனுவிலும் ஸ்பீக்கர் வகை தனியாக இருந்தால் அது டிவி அல்லது ஸ்டீரியோவில் இருக்க வேண்டும். ஹோம் தியேட்டர் என்றிருந்தால், ஒலியின் ஏற்ற இறக்கம் சின்ன ஸ்பீக்கர் தாங்காத அளவுக்கு விரிந்திருக்கும். நைட் மோட் இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள், மெதுவான பேச்சுக்கு நல்ல பலன் தரும்.

டிவியில் சரவுண்ட், விர்ச்சுவல், ஆட்டோ வால்யூம் எதுவும் வேண்டாம். விர்ச்சுவல் சரவுண்ட் இடது வலதுக்கு இடையிலுள்ள வேறுபாட்டைப் பெருக்குகிறது. இரண்டிலும் ஒன்றாக வரும் குரல் அதில் பின்னுக்குப் போய்விடும்.

இனி ஈக்வலைசர். பிளேஸ்டேஷன் 5-இல் உள்ள ஈக்வலைசர் ஹெட்செட்டுக்கானது, டிவி ஸ்பீக்கருக்கு உதவாது. டிவியிலுள்ளதைத்தான் பயன்படுத்த வேண்டும். பல டிவிகளில் 100, 300 ஹெர்ட்ஸ், 1, 3, 10 கிலோஹெர்ட்ஸ் என்று ஐந்து பட்டைகள் இருக்கும். எல்லாவற்றையும் நடுவில் வைத்துத் தொடங்குங்கள். முதலில் 300-ஐ மூன்று படி இறக்குங்கள். பெட்டிக்குள் பேசுவது போன்ற அமுக்கம் இந்த இடத்தில்தான் சேர்கிறது. அடுத்து 100-ஐ மூன்று நான்கு படி இறக்குங்கள். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அந்த ஆழத்தை ஒழுங்காகத் தர முடியாது. ஆனால் அதற்கான முயற்சியில் ஒலி எல்லை மீறாமல் தடுக்கும் டிவியின் லிமிட்டர் விழித்துக்கொண்டு, ஒவ்வொரு வெடிப்பின்போதும் வசனத்தையும் சேர்த்து அமுக்கும். 100-ஐ இறக்கியதும் சண்டைக்கு நடுவே வரும் பேச்சு தப்பிப் பிழைப்பதைக் காதாலேயே உணரலாம், எனக்குப் பெரிய நிம்மதி தந்த மாற்றம் அதுதான். கடைசியாக 3 கிலோஹெர்ட்ஸை இரண்டு படி மட்டும் ஏற்றுங்கள். சொற்களைப் பிரித்துக் காட்டும் மெய்யொலிகள் பெரும்பாலும் அந்தப் பகுதியைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஸகர ஒலி சீறத் தொடங்கினால் 10-ஐ ஒரு படி குறையுங்கள். குரல் தகரம் போல மெலிந்துவிட்டால் 300-ஐ அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டீர்கள் என்று பொருள். ஒரு படி திருப்பிக் கொடுங்கள்.

கிளியர் வாய்ஸ் போன்ற வசதியும் ஏறக்குறைய இதே இடத்தைத்தான் தூக்குகிறது. அதையும் ஈக்வலைசரையும் சேர்த்துப் போட்டால் காது கூசும். இரண்டில் ஒன்று போதும்.

இவ்வளவுக்குப் பிறகும் இசை குரலை மூழ்கடித்தால், அது அந்த விளையாட்டின் கலவை. விளையாட்டின் ஒலி மெனுவில் வசன அளவு ஏற்கெனவே 100-இல்தான் இருக்கும், அதற்கு மேல் போகாது. இசையை 60-க்கும் பிற ஒலிகளை 70-க்கும் இறக்கி, டிவி வால்யூமை ஏற்றுங்கள்.

சில டிவிகள் ஈக்வலைசர் அமைப்பை ஒவ்வொரு எச்டிஎம்ஐ துளைக்கும், ஒவ்வொரு ஒலி முறைக்கும் தனித்தனியாகச் சேமிக்கின்றன. கேபிளை வேறு துளைக்கு மாற்றினாலோ, கேம் மோடுக்குத் தாவினாலோ எல்லாம் பழையபடி ஆகலாம். எண்களை ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.