ஃப்ரீசரில் இருந்த 80 மாதிரிகள்

ஆய்வை நடத்திய மேடத்துக்கு, அதன் கணக்கைப் போட்டுக் கொடுத்த நான் சொன்ன பதில் சரி என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். ஆனால் சரியான பதில் சொன்னவனுக்கு அது இத்தனை நாள் மண்டைக்குள் ஓட வேண்டிய அவசியமில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அவர் கேட்டது இவ்வளவுதான். "சார், வார்டு பேஷண்ட்ஸோட சளி மாதிரி ஃப்ரீசர்ல 80 இருக்கு. எல்லாமே கல்ச்சர் பாசிட்டிவ், மருந்து ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுத்தது. சேர்த்துட்டா நீங்க கேட்ட நம்பர் வந்துடும். சேர்த்துக்கவா?"

நான் கேட்ட நம்பர் 139. காசநோய்க்கான ஒரு புதிய துரிதச் சோதனையை, சளியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரோடு ஒப்பிடும் ஆய்வு. உணர்திறன் 90 சதவீதம் இருக்கும் என்று எதிர்பார்த்தோம். அதை இருபுறமும் 5 புள்ளிக்குள் சொல்ல வேண்டும், 95 சதவீத நம்பிக்கையோடு. அந்த வரம்பைத்தான் இன்டர்வல் என்போம். கணக்கு ஒரே வரிதான்:

```
n = 1.96² × 0.90 × 0.10 / 0.05² = 138.3 → 139
N = 139 / 0.20 = 695
```

முதல் வரி நோயாளிகளின் எண்ணிக்கை. உணர்திறன் என்பது நோய் உள்ளவர்களில் எத்தனை பேரைச் சோதனை பிடித்தது என்ற விகிதம். நோய் இல்லாதவர் ஆயிரம் பேர் வந்தாலும் அந்தக் கணக்கில் ஒரு இம்மி நகராது. இரண்டாவது வரிதான் பரவல் வீதத்தைக் கொண்டு வருகிறது: இருமலோடு வருபவர்களில் ஐந்தில் ஒருவருக்கு நோய் இருக்கும் என்றால், 139 பேரைப் பிடிக்க 695 பேரைச் சேர்க்க வேண்டும். அந்த 20 சதவீதம் மேடம் கொடுத்தது. லேப் பதிவேட்டில் எண்ணிச் சொன்னார். அது டாக்டர்கள் சந்தேகப்பட்டு கல்ச்சருக்கு அனுப்பியவர்களின் பதிவேடு, அதாவது ஏற்கெனவே ஒரு முறை சலித்து எடுத்த கூட்டம். எனக்கு அது உறுத்தியது. அதனால் 10 சதவீதமாக இருந்தால் 1390 பேர் வேண்டும் என்று ஒரு அட்டவணையும் போட்டு அனுப்பினேன். 695 பேருக்கு ஒப்புதல் வந்தது. அட்டவணையைப் பற்றி யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பாதி வழியில், 350 பேர் சேர்ந்தபோது எண்ணிப் பார்த்தோம். வர வேண்டியது 70, வந்தது 31.

நோய் இல்லாதவர்கள் 319 பேர். நோய் இல்லாதவர்களை இல்லை என்றே சோதனை சொல்லும் விகிதம்தான் தனித்தன்மை. அது 95 சதவீதம், அதே 5 புள்ளித் துல்லியம் என்றால் 73 பேர் போதும். ஆக ஆய்வின் ஒரு பாதி தேவைக்கு நான்கு மடங்கு நிரம்பி வழிகிறது, மறு பாதி காய்ந்து கிடக்கிறது. இதை மேடத்துக்கு விளக்கியபோது அவர் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது: "அப்ப நோயாளிங்கதானே குறையுறாங்க? நோயாளிங்க என்கிட்ட இருக்காங்களே."

அங்கேதான் ஃப்ரீசர் வந்தது.

சூத்திரத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அவரை மறுக்க வழியே இல்லை. அது 139 பேர் கேட்கிறது, அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்பதில்லை. ஆனால் உணர்திறன் என்பது சோதனையின் உடம்போடு ஒட்டிப் பிறந்த குணம் இல்லை. யார் மீது சோதித்தோம் என்பதைப் பொறுத்து அது மாறும். இந்தத் துறையில் எல்லோரும் அறிந்த உதாரணம் எக்ஸ்பெர்ட் என்ற காசநோய் மரபணுச் சோதனை. 2014-இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வில், ஸ்மியர் பாசிட்டிவ், அதாவது சளியை நுண்ணோக்கியில் பார்த்தாலே கிருமி தெரிந்த நோயாளிகளில் அதன் உணர்திறன் 98 சதவீதம். ஸ்மியர் நெகட்டிவ், ஆனால் கல்ச்சர் பாசிட்டிவ் ஆனவர்களில் 67 சதவீதம். ஒரே சோதனைதான். சளியில் கிருமி நிறைய இருந்தால் பிடிக்கிறது, குறைவாக இருந்தால் கோட்டை விடுகிறது.

ஃப்ரீசரில் இருந்த 80 பேரில் 70 பேர் ஸ்மியர் பாசிட்டிவ். வார்டில் படுக்கும் அளவுக்கு நோய் முற்றியவர்கள், வேறு எப்படி இருப்பார்கள்? வெளிநோயாளிகளில் அது ஏறக்குறைய பாதி. எக்ஸ்பெர்ட்டின் எண்களையே இந்த இரண்டு கூட்டத்தின் மேலும் போட்டுப் பார்த்தேன். வார்டில் 94 சதவீதம் வருகிறது, வெளிநோயாளிகளில் 82, 83. சோதனை மாறவில்லை, ஆள் மாறியதற்கே 11, 12 புள்ளி. நாமோ 5 புள்ளித் துல்லியத்துக்காக அடித்துக்கொள்கிறோம்.

"மேடம், சேர்த்தா இன்டர்வல் சின்னதாகும். ஆனா அது வேற கேள்விக்கான பதில்" என்றேன்.

"வேற கேள்வின்னா?"

"வார்டுல இருக்கறவங்களுக்கு இது வேலை செய்யுமாங்கற கேள்வி. அவங்களுக்குத்தான் நோய் இருக்குன்னு ஏற்கெனவே தெரியுமே."

அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "இதை ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா வேற மாதிரி ப்ளான் பண்ணியிருப்பேன்" என்றார். கோபம் இல்லை அந்தக் குரலில். இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

இதற்குப் பிறகு எனக்குள் இரண்டு பேர் பேச ஆரம்பித்தார்கள். ஒருவன்: அட்டவணை கொடுத்தாயே, 10 சதவீதம் என்றால் 1390 என்று எழுதி வைத்தாயே. இன்னொருவன்: எழுதி வைத்தாய், சரி, 20 சதவீதத்தை அப்படியே ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட்டது யார்? அப்புறம் இன்னொன்றும் உண்டு. பரவல் வீதம் துல்லியமாக 20 சதவீதமாகவே இருந்திருந்தாலும், 695 பேரில் 139 பேர் கிடைப்பது சராசரிக் கணக்குதான். கிட்டத்தட்ட பாதி வாய்ப்பில் அதைவிடக் குறைவாகவே வரும். பத்தில் ஒன்பது தடவை 139-ஐத் தொட வேண்டும் என்றால் ஏறக்குறைய 765 பேர் வேண்டும். இதை எந்தச் சூத்திரப் பக்கமும் கொட்டை எழுத்தில் சொல்வதில்லை. நானும் சிறிய எழுத்தில்கூடச் சொல்லவில்லை.

ஆனால் என்னை உண்மையிலேயே ஆட்டியது சேர்க்கைப் பதிவேடு. 31 பேர் எப்போது வந்தார்கள் என்று பார்க்கலாமே என்று திறந்தேன். முதல் 120 பேரில் 20 நோயாளிகள், அதாவது ஆறில் ஒருவர். மேடம் சொன்ன 20 சதவீதத்துக்கு அது ஒன்றும் தூரமில்லை. அடுத்த 230 பேரில் வெறும் 11. இருபதில் ஒருவர்கூட இல்லை. வியாதி திடீரென்று ஊரை விட்டு ஓடிவிடவில்லை. இருமல் எத்தனை நாள் என்ற கட்டத்தைப் பார்த்தேன். முதல் படிவங்களில் மூன்று வாரம், ஒரு மாதம், 20 நாள். பிறகு வந்தவற்றில் "2 வாரம்", "2 வாரம்", "2 வாரம்" என்று ஒரே மாதிரி, ஒரே கையெழுத்தில். இரண்டு வாரம்தான் சேர்க்கை நிபந்தனை.

சேர்க்கை பார்த்த நர்ஸிடம் கேட்டதற்கு அவர் மறைக்கவில்லை. "695 முடிக்கணும்னு தினமும் கேக்குறாங்க சார். நாலு நாள் இருமலோட வந்தாலும் எப்படித் திருப்பி அனுப்பறது?" அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்குக் கொடுத்த இலக்கு 695. அதை அவர் எட்டிக்கொண்டிருந்தார். 139 என்ற எண்ணை அவரிடம் யாருமே சொன்னதில்லை. நாலு நாள் சளிக்காரரைச் சேர்த்தால் N ஏறும், n ஏறாது. சேர்க்கையை முடுக்க முடுக்கப் பரவல் வீதம் கரைந்துகொண்டே போகும். எந்த அனுமானத்தின் மேல் 695-ஐக் கட்டினேனோ, அந்த அனுமானத்தையே 695 தின்றுகொண்டிருந்தது.

இங்கேதான் என் நியாயம் நொண்டுகிறது. வார்டு மாதிரிகள் வேண்டாம் என்றதற்கு நான் சொன்ன காரணம், சோதனை யாருக்காகச் செய்யப்பட்டதோ அந்தக் கூட்டத்திலேயே அளக்க வேண்டும் என்பது. ஆனால் நான் காப்பாற்றிய கூட்டமே நாங்கள் எழுதி வைத்த கூட்டம் இல்லை. நாலு நாள் இருமலோடு வந்து நோய் உறுதியானவர், மிக ஆரம்ப நிலையில், மிகக் குறைந்த கிருமியோடு இருந்திருக்கலாம். அவரைச் சோதனை தவறவிட்டால் உணர்திறன் கீழே போகும். வார்டு மாதிரி மேலே தள்ளுகிறது, தளர்ந்த சேர்க்கை கீழே தள்ளுகிறது. ஒன்றை நெறி என்ற பெயரில் மறுத்தேன், மற்றதை ஏற்கெனவே நடந்தது என்று உள்ளே விட்டேன். அப்படி வந்து நோய் உறுதியானவர்கள் ஒரு சிலர்தான், பெரிய வித்தியாசம் வந்திருக்காது என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். உண்மையில் அந்தப் படிவங்களை வைத்து யார் நாலு நாள், யார் இரண்டு வாரம் என்று இப்போது பிரிக்கவே முடியாது.

நிபந்தனையை இறுக்கினோம். காலத்தை நீட்டக் கேட்டோம், கிடைக்கவில்லை. 695-இல் நின்றபோது நோயாளிகள் 64. அதில் சோதனை பிடித்தது 55. உணர்திறன் 85.9 சதவீதம், வில்சன் முறையில் கணக்கிட்ட இன்டர்வல் 75.4 முதல் 92.4 வரை. கீழ் எல்லை 80-ஐத் தாண்ட வேண்டும் என்பது முன்பே எழுதி வைத்த விதி. தாண்டவில்லை. சோதனையை இப்போதைக்குப் பயன்பாட்டுக்கு எடுக்க வேண்டாம் என்று முடிவானது.

அன்று இரவு செய்யக்கூடாத ஒரு கணக்கைச் செய்தேன். ஃப்ரீசரின் 80-ஐச் சேர்த்து, அதில் 75-ஐப் பிடித்திருக்கும் என்று வைத்தால், 144-க்கு 130. 90 சதவீதம், 84 முதல் 94 வரை. விதியைத் தாராளமாகத் தாண்டியிருக்கும். பார்ப்பதற்கு அது எங்கள் முடிவைவிட எவ்வளவோ அழகான இன்டர்வல்.

தவறான எண்ணைச் சுற்றிய அழகு என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் 75-க்கும் 92-க்கும் நடுவில் எங்கோ இருக்கும் ஒரு சோதனை, 88 சதவீதமாகவும் இருக்கலாம். அப்படியானால் நல்ல சோதனை ஒன்று நோயாளிகள் போதாததால் ஓரம் கட்டப்பட்டது, அவ்வளவுதான். "கெட்டது என்று நிரூபணமாகவில்லை, தெரியவில்லை என்றுதான் நிரூபணம்" என்று அறிக்கையில் ஒரு பத்தி எழுதினேன். அட்டவணைக்கு நேர்ந்த கதிதான் அதற்கும்.

இப்போதெல்லாம் ஆய்வுத் திட்டத்தில் N-ஐ இலக்காக எழுதுவதில்லை. "தொடர்ச்சியாக வருபவர்களைச் சேர்த்து, 139 நோயாளிகள் கிடைக்கும் வரை" என்று எழுதுகிறேன். நூறு பேருக்கு ஒருமுறை பரவல் வீதத்தைப் பார்க்க வேண்டும் என்றும், நோயாளிகளில் ஸ்மியர் பாசிட்டிவ் எத்தனை என்று தனியே எண்ண வேண்டும் என்றும் சேர்க்கிறேன். உடனே கேள்வி வருகிறது: "மொத்தம் எத்தனை பேர்? பட்ஜெட்டில் என்ன போடுவது?" 700-இலிருந்து 1600 வரை என்கிறேன். இப்படி ஒரு வரம்பைக் கொடுத்தால் எந்தக் குழுவும் ஒப்புதல் தராது, ஒரே எண்ணாகச் சொல்லுங்கள் என்கிறார்கள். போன முறை 1100 என்று சொல்லிவிட்டு வந்தேன்.