திருப்பி வாசிக்க முடிகிற கடவுச்சொல்

"கடவுச்சொல் மறந்துவிட்டதா?" என்ற பொத்தானை அழுத்தினால், பயனரின் பழைய கடவுச்சொல்லையே மின்னஞ்சலில் அனுப்பி வைக்கும் மென்பொருள் ஒன்றைப் பராமரிக்கும் பொறுப்பு எங்கள் குழுவுக்கு வந்தது. பயனர்களுக்கு அந்த வசதி பிடித்திருந்தது. உதவி மையத்தில் இருந்தவர்களுக்கும் பிடித்திருந்தது. தொலைபேசியில் யாராவது கேட்டால் திரையைப் பார்த்து வாசித்துக்கூடச் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது கலக்கமாக இருந்தது. பழைய கடவுச்சொல்லை அனுப்ப முடிகிறது என்றால் அதை அந்த சர்வரால் வாசிக்க முடிகிறது என்று பொருள். சர்வரால் முடிவது, சர்வருக்குள் திருட்டுத்தனமாக நுழைந்தவராலும் முடியும்.

இதைச் சொன்னபோது குழுவில் இருந்த மூத்தவர் ஒருவர் அமைதியாகக் கேட்டார்: "டேட்டாபேஸ்ல சும்மாவா வெச்சிருக்கோம்? ஏஇஎஸ்ல என்க்ரிப்ட் பண்ணித்தானே வெச்சிருக்கோம். அப்புறம் என்ன பயம்?" நியாயமான கேள்விதான். ஏஇஎஸ் வலுவான என்க்ரிப்ட் முறை. சாவி இல்லாமல் அதை உடைப்பது இன்றைக்கு நடைமுறையில் ஆகாத காரியம். அதனால் வாதம் செய்வதை விட்டுவிட்டு, சோதனை டேட்டாபேஸில் ஒரே ஒரு கேள்வியை ஓடவிட்டுக் காட்டினேன்.

```sql
SELECT pwd_enc, COUNT(*) AS n
FROM users
GROUP BY pwd_enc
ORDER BY n DESC;
```

மேல் வரிசையில் ஒரே மறையெழுத்து, அதாவது என்க்ரிப்ட் செய்து வந்த விடை, பல நூறு கணக்குகளில் அப்படியே இருந்தது. அடுத்த வரிசையும் அப்படித்தான். ஒரே சாவி, எல்லோருக்கும் ஒரே முறை. ஆகவே ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தவர்கள் எல்லோருக்கும் ஒரே விடை வந்திருந்தது. அந்த மேல் வரிசை என்னவாக இருக்கும் என்று ஊகிக்கச் சாவியே தேவையில்லை. அதிகம் பேர் வைக்கும் கடவுச்சொற்கள் எவை என்பது உலகத்துக்கே தெரியும். அந்தப் பல நூறு பேரில் ஒருவருடைய கடவுச்சொல் வேறு எங்காவது கசிந்திருந்தால் போதும், மற்ற எல்லோருடையதும் தெரிந்துபோகும்.

இது கற்பனைப் பயம் இல்லை. 2013 அக்டோபரில் அடோபி நிறுவனத்தின் பயனர் விவரங்கள் வெளியானபோது நடந்தது இதுதான். 15 கோடிக்கும் மேற்பட்ட பதிவுகள் அந்தக் கோப்பில் இருந்தன. கடவுச்சொற்கள் டிரிப்பிள் டெஸ் என்ற என்க்ரிப்ட் முறையில், ஒரே உள்ளீட்டுக்கு எப்போதும் ஒரே விடை தரும் ஈசிபி என்ற வகையில், எல்லோருக்கும் ஒரே சாவியால் பூட்டப்பட்டிருந்தன. பக்கத்திலேயே ஒவ்வொருவரும் எழுதி வைத்த நினைவுக்குறிப்பு வெளிப்படையாக இருந்தது. ஒரே மறையெழுத்து உள்ளவர்களை ஒன்றாகச் சேர்த்து அவர்களுடைய குறிப்புகளை வாசித்தால், ஒருவர் மறைமுகமாக எழுதியதை இன்னொருவர் நேரடியாகவே எழுதியிருந்தார். இப்படியே `123456` என்ற கடவுச்சொல்லைச் சுமார் 19 லட்சம் பேர் வைத்திருந்தது தெரியவந்தது. சாவி தேவைப்படவே இல்லை.

இதைக் கேட்டதும் குழுவில் இன்னொருவர் ஒரு திருத்தம் சொன்னார். ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறு தொடக்க எண்ணைக் கொடுத்து என்க்ரிப்ட் செய்தால் ஒரே கடவுச்சொல்லுக்கும் வேறு வேறு விடை வருமே என்றார். வரும். அந்த ஓட்டை அடைபடும். ஆனால் சாவி எங்கே இருக்கிறது? ஒவ்வொரு முறை யாராவது உள்நுழையும்போதும் மென்பொருளுக்கு அது வேண்டும். எங்கள் விஷயத்தில் அது சர்வரிலேயே ஒரு அமைப்புக் கோப்பில் இருந்தது. அந்தக் கோப்பும் டேட்டாபேஸும் ஒரே பேக்கப்பில் போய்க்கொண்டிருந்தன. சாவியைத் தனிக் கருவியில் வைத்தால் நிலைமை மேம்படும், மறுக்கவில்லை. ஆனாலும் அதைக் கொண்டு திறந்து தரச் சொல்லும் உரிமை மென்பொருளுக்கு இருந்தே ஆக வேண்டும். வீட்டைப் பூட்டி, சாவியை வாசற்படியிலேயே வைத்துவிட்டுப் போவது போலத்தான்.

உண்மையில் நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. உள்நுழைவுக்கு கடவுச்சொல் நமக்குத் தெரிய வேண்டுமா? தேவையில்லை. பயனர் இப்போது தட்டியது முன்பு தந்ததோடு ஒத்துப்போகிறதா என்று தெரிந்தால் போதும். அதற்குத்தான் ஹாஷ். அது ஒருவழிக் கணக்கு; சாவி கிடையாது, திருப்பி வாசிக்க வழியும் கிடையாது. தட்டியதை மறுபடியும் அதே கணக்கில் போட்டு, வரும் விடையைச் சேமித்த விடையோடு ஒப்பிடுகிறோம்.

சரி, எம்டி5 என்ற பழைய ஹாஷ் முறை மட்டும் போதுமா? போதாது. `123456` என்பதன் எம்டி5 `e10adc3949ba59abbe56e057f20f883e`. இதை எந்தத் தேடுபொறியில் போட்டாலும் மூலம் வந்து நிற்கும். எல்லோருக்கும் ஒரே விடை வரும் பழைய கோளாறும் அப்படியே இருக்கிறது. இங்கேதான் சால்ட் வருகிறது. ஒவ்வொரு கணக்குக்கும் கணினி தற்செயலாக உருவாக்கும் சில பைட்டுகளைக் கடவுச்சொல்லோடு சேர்த்து ஹாஷ் செய்கிறோம். ஒரே கடவுச்சொல் இருவரிடம் இருந்தாலும் விடை வேறு. முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த பட்டியல் எதுவும் உதவாது. இன்னொரு பலன் இதைவிடப் பெரியது. சால்ட் இல்லாதபோது, திருடியவர் ஒரு ஊகத்தை ஒரு முறை ஹாஷ் செய்து லட்சம் கணக்குகளோடும் ஒப்பிட்டுவிடலாம். சால்ட் இருந்தால் அதே ஊகத்தை லட்சம் முறை தனித்தனியாகக் கணக்கிட வேண்டும்.

சால்ட்டை ரகசியமாக வைக்க வேண்டுமா என்று பலரும் கேட்பார்கள். வேண்டாம், அது ஹாஷுக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். அதன் வேலை ஒவ்வொன்றையும் வேறாக்குவது மட்டுமே. ஆனால் எல்லோருக்கும் ஒரே சால்ட்டை எழுதி வைத்துவிட்டு "சால்ட் போட்டாச்சு" என்று நிம்மதியாக இருக்கும் நிரலை நான் பார்த்திருக்கிறேன். மேலே சொன்ன அதே கேள்வியை ஹாஷ் நெடுவரிசையில் ஓடவிட்டால் உடனே தெரிந்துவிடும்: எங்காவது ஒரு எண்ணிக்கை ஒன்றைத் தாண்டினால் சால்ட் சரியாக இல்லை.

சால்ட் மட்டும் இருந்தாலும் வேகம் ஒரு பிரச்சினை. எம்டி5 போன்றவை வேகமாக ஓடுவதற்காகவே உருவானவை. நல்ல ஜிபியு ஒன்று நொடிக்கு 1000 கோடி ஊகங்களைச் சோதிப்பது இன்று சாதாரணம். சிறிய எழுத்தும் எண்ணும் கலந்த எட்டு எழுத்துக் கடவுச்சொற்கள் மொத்தம் சுமார் 2.8 லட்சம் கோடி. அந்த வேகத்தில் ஒரு கணக்குக்கு எல்லாவற்றையும் சோதித்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. அதனால்தான் வேண்டுமென்றே மெதுவாக ஓடும் ஹாஷ் வேண்டும். 1999இல் நீல்ஸ் புரோவோசும் டேவிட் மாசியரும் வெளியிட்ட பிகிரிப்ட் அப்படிப்பட்டது. அதே ஜிபியு நொடிக்கு 1500 ஊகம்தான் செய்ய முடிகிறது என்று வைத்துக்கொண்டால், அதே ஐந்து நிமிட வேலைக்கு ஏறக்குறைய அறுபது ஆண்டு. புதிதாகத் தொடங்குபவர்கள் நினைவகத்தையும் அதிகம் கேட்கும் ஆர்கான்2 முறையைப் பார்க்கலாம். 2015இல் கடவுச்சொல் ஹாஷ் போட்டியில் வென்றது அதுதான். எங்கள் நிரல் சூழலில் பிகிரிப்ட் ஏற்கெனவே இருந்ததால் அதையே எடுத்தோம். அது தரும் விடை இப்படி இருக்கும்:

```
$2a$12$R9h/cIPz0gi.URNNX3kh2OPST9/PgBkqquzi.Ss7KIUgO2t0jWMUW
```

முதலில் பிகிரிப்ட்டின் வகை, அடுத்து 12 என்ற செலவு அளவு. அதன்பின் வரும் 22 எழுத்து சால்ட், மீதி 31 எழுத்து ஹாஷ். செலவு அளவை ஒன்று கூட்டினால் வேலை இரண்டு மடங்காகும். எல்லாம் ஒரே வரியில் இருப்பதால் தனி நெடுவரிசை எதுவும் வேண்டாம். `123456` என்று வைப்பவரை இதுவும் காப்பாற்றாது என்பதைச் சொல்லியாக வேண்டும். முதல் சில ஊகங்களிலேயே அது விழும்.

மாற்றும் வேலையின்போதுதான் பழைய அமைப்பின் அபாயம் எனக்கு முழுதாக உறைத்தது. எம்டி5 இலிருந்து மாறுவதென்றால் மூலக் கடவுச்சொல் யாரிடமும் இருக்காது. ஒவ்வொருவரும் உள்நுழையும்வரை காத்திருக்க வேண்டும், அல்லது பழைய ஹாஷையே பிகிரிப்ட்டுக்குள் போட வேண்டும். எங்களுக்கு அந்தச் சிரமமே இல்லை. ஒரு சிறிய நிரல் சாவியை எடுத்தது, ஒவ்வொரு வரியாகத் திறந்தது, பிகிரிப்ட் செய்து எழுதியது. இந்த நிரலின் முதல் பாதியை, சர்வருக்குள் நுழைந்த யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அதைப் பார்த்தபின் மூத்தவரும் மறுபேச்சுப் பேசவில்லை.

செலவு 12இல் எங்கள் சர்வரில் ஒரு ஹாஷுக்குக் கால் நொடி ஆனது. லட்சம் கணக்கு என்றால் ஒற்றை கோரில் ஏழு மணி நேரம். அந்த நேரத்தில் மக்கள் கடவுச்சொல்லை மாற்றிக்கொண்டுதான் இருப்பார்கள். நிரல் பழையதை வாசித்த கணத்துக்கும் எழுதும் கணத்துக்கும் நடுவில் யாராவது புதிதாக மாற்றியிருந்தால், அதன்மேல் பழையது போய் உட்கார்ந்துவிடும். அதனால் இப்படி எழுதினோம்:

```sql
UPDATE users SET pwd_hash = :h, pwd_enc = NULL
WHERE id = :id AND pwd_enc = :old;
```

கடவுச்சொல் மாற்றும் பக்கம் புதிய நெடுவரிசையில் மட்டுமே எழுதி, பழையதைக் காலியாக்கும்படி முதலிலேயே மாற்றியிருந்தோம். ஆக, நடுவில் மாறிய வரியை இந்தக் கட்டளை தொடாது.

சோதனையில் எதிர்பாராத ஒன்றும் தெரிந்தது. பிகிரிப்ட் முதல் 72 பைட்டை மட்டுமே கணக்கில் எடுக்கும். பல நூலகங்கள் மீதியைச் சொல்லாமலே விட்டுவிடும். யுடிஎஃப்-8 இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட். 'கு' என்ற ஓர் எழுத்தே இரண்டு குறி, அதாவது ஆறு பைட். தமிழில் நீளமான சொற்றொடரைக் கடவுச்சொல்லாக வைப்பவரின் பின்பாதி வீணாகிவிடும். அதுபோக 'கொ' என்பதில் உள்ள குறியை ஒரே துண்டாகவும் தட்டலாம், இரண்டு துண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றுதான், ஹாஷுக்கு முற்றிலும் வேறு. கைபேசியில் வைத்த கடவுச்சொல் மடிக்கணினியில் தவறு என்று வரும். ஆகவே ஹாஷ் செய்வதற்கு முன், இப்படிப்பட்ட துண்டுகளை ஒன்றாக்கும் என்எஃப்சி என்ற யூனிகோட் வடிவத்துக்கு ஒருமுகப்படுத்தி, 72 பைட்டைத் தாண்டினால் பயனரிடமே சொல்லிவிடும்படி செய்தோம்.

உதவி மையத்தார் கொஞ்சம் வருத்தப்பட்டார்கள். இனி யாருக்கும் கடவுச்சொல்லை வாசித்துச் சொல்ல முடியாது; சிறிது நேரமே செல்லுபடியாகும் மாற்று இணைப்பை அனுப்பத்தான் முடியும். அந்த இணைப்பில் உள்ள டோக்கனையும் டேட்டாபேஸில் அப்படியே வைக்காமல் ஹாஷாகவே வைத்தோம். அது நீளமான தற்செயல் சரம் என்பதால் அதற்கு மெதுவான ஹாஷ் தேவையில்லை, வேகமான ஷா-256 ஹாஷே போதும்.

பழைய பேக்கப்புகள் மிச்சம் இருந்தன. அவற்றில் பழைய நெடுவரிசை அப்படியே இருக்கும்; சாவியை அழித்தாலும் ஒரே கடவுச்சொல் உள்ளவர்கள் கூட்டமாகத் தெரிவார்கள். எனவே அவற்றையும் சோதனைச் சூழலில் கிடந்த பிரதிகளையும் தேடி நீக்கினோம். கடைசியாக லாக், அதாவது மென்பொருள் தன் நடவடிக்கைகளைப் பதிவுசெய்யும் கோப்பு. உள்நுழைவுக் கோரிக்கையில் வந்த விவரம் முழுவதையும் ஒரு பகுதி லாகில் எழுதிக்கொண்டிருந்தது, கடவுச்சொல் உட்பட. டேட்டாபேஸில் எவ்வளவு நல்ல ஹாஷ் இருந்தும் பயனில்லை. 2018இல் டிவிட்டரும் 2019இல் ஃபேஸ்புக்கும் தங்கள் உள் லாகுகளில் கடவுச்சொற்கள் வெளிப்படையாகக் கிடந்ததாக அறிவித்தது இதே வகைதான். எழுதும் இடத்திலேயே அந்தப் புலத்தை நீக்கிவிட்டு, தானியங்கிச் சோதனை ஒன்றைச் சேர்த்தோம்: வேறெங்கும் வராத ஒரு சரத்தைக் கடவுச்சொல்லாகத் தந்து உள்நுழைகிறது, பிறகு எல்லா லாகுகளிலும் அந்தச் சரத்தைத் தேடுகிறது. ஓரிடத்தில் கிடைத்தாலும் வெளியீடு நின்றுவிடும்.