விடியற்காலை வந்த இரண்டு எஸ்.எம்.எஸ்.

ஹட்டன் டவுனில் ஒரு புடவைக் கடையில் ஆட்களுக்கு முறை போடுவது என் வேலை. யார் எந்தப் பக்கம் நிற்பது, யாருக்கு எந்த நாள் ஓய்வு, யார் லீவு என்பதெல்லாம் என் கொப்பியில்தான் இருக்கும். ஆகவே "இன்றைக்கு வர முடியாது" என்ற மெசேஜ்களும் என் போனுக்குத்தான் வரும். அவற்றில் ஒன்று கடந்த தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை, காலை 4.52க்கு வந்தது. அனுப்பியவள் சாரிப் பக்கம் நிற்கும் தங்கச்சி, தோட்டத்திலிருந்து வருபவள். அனுப்புவதற்கு முன் இரண்டு மணி நேரமாக அவள் எழுதி அனுப்பாமல் விட்டதை எல்லாம் பிறகு எனக்குக் காட்டினாள். வேறு பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று சொன்னதால், அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

தோட்டங்களில் தீபாவளி முற்பணம் கொடுத்த பிறகு வரும் சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று மலையகத்தில் கடை வைத்திருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குடும்பம் குடும்பமாக இறங்குவார்கள். விரித்த சாரியை மடிக்க நேரம் இருக்காது. அப்படி ஒரு நாளில் இரவு முழுக்கச் சத்தியும் வயிற்றோட்டமுமாகக் கிடந்தவளுக்கு, உடம்பை விட மெசேஜ்தான் பெரிய பயமாக இருந்திருக்கிறது.

முதலில் எழுதியது ஒரு கடிதம். "அண்ணே மன்னிச்சிருங்க, இன்னிக்கி எவ்வளவு முக்கியமான நாள்னு எனக்குத் தெரியும்" என்று தொடங்கி, நேற்று இரவு என்ன சாப்பிட்டாள், அம்மா என்ன கசாயம் கொடுத்தார், தான் ஒருநாளும் சும்மா லீவு போட்டதில்லை, முதலாளி தப்பாக நினைக்கக் கூடாது என்று போகிறது. நான் எண்ணிப் பார்த்தேன்: 22 வரி. அதில் வர முடியாது என்பது 17ஆவது வரியில்தான் இருந்தது. போன் பூட்டியிருக்கும்போது திரையில் தெரிவது முதல் ஓரிரு வரிதான். விடியற்காலையில் அரைக் கண்ணோடு பார்க்கும் எனக்கு "மன்னிச்சிருங்க, முக்கியமான நாள்" என்பது மட்டும் தெரிந்திருந்தால், ஏதோ வாழ்த்து என்று நினைத்துத் திரும்பிப் படுத்திருப்பேன்.

அதை அனுப்பாமல் விட்டு இரண்டாவதாக எழுதியது பொய். பாட்டி இறந்துவிட்டார். வயிற்றோட்டம் என்று ஓர் ஆம்பிளைக்கு எழுதக் கூச்சம், அது லீவுக்குப் போதுமான காரணமா என்ற சந்தேகமும் கூட. இந்தப் பொய் எங்கள் பக்கத்தில் எடுபடாது. கடையில் ஒருவர் வீட்டில் மரணம் என்றால் முதலாளி வேன் பிடித்து, மலர்வளையத்தோடு எங்களையும் ஏற்றிக்கொண்டு மரண வீட்டுக்கே வந்துவிடுவார். அதே தோட்டத்திலிருந்து பக்கத்துக் கடைக்கு வேலைக்கு வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஒன்பது மணிக்குள் விசயம் தெரிந்துவிடும். அதைவிட, இரண்டாம் நாளும் எழும்ப முடியாமல் போனால் மெடிக்கல் கொடுக்க வேண்டும். மெடிக்கலில் டாக்டர் வயிற்றோட்டம் என்று எழுதுவார், என் கொப்பியில் பாட்டி மரணம் என்று இருக்கும். உண்மையான நோயும் அப்போது பொய்யாகிவிடும்.

மூன்றாவது முயற்சி வட்ஸ்அப்பில் குரல் பதிவு, ஏறக்குறைய இரண்டு நிமிடம். பாதியில் அழுகிறாள். அது வரவே இல்லை. லயத்துக்குள் டேட்டா எடுக்காது, பக்கத்தில் சின்னக் கடிகார அடையாளம் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. கோயில் மேட்டுக்கு ஏறினால் சிக்னல் கிடைக்கும், ஆனால் வயிற்றோட்டத்தோடு இருட்டில் எப்படி ஏறுவது? போனில் சார்ஜும் 9 சதவீதம். வந்திருந்தாலும் பயன் குறைவு என்பதே என் எண்ணம். குரல் பதிவை முழுவதும் கேட்க வேண்டும், பஸ்ஸில் நிற்கும்போது கேட்க முடியாது, முதலாளிக்கு அப்படியே காட்டவும் முடியாது.

கடைசியில் மிஞ்சியது சாதாரண எஸ்.எம்.எஸ். டேட்டா எடுக்காத இடத்திலும் ஒரு கோடு சிக்னல் இருந்தால் அது போய்விடும். ஆனால் தமிழில் எழுதினால் ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு 70 குறிதான் இடம். ஆங்கில எழுத்தில் தட்டினால் 160. இந்த 70ஐ நாம் எண்ணுவதுபோல் போன் எண்ணாது. புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறி. "அண்ணே" என்பது நமக்கு மூன்று எழுத்து, போனுக்கு ஐந்து. 70ஐத் தாண்டினால் செய்தியைத் துண்டுகளாக வெட்டி அனுப்பும், அப்போது ஒவ்வொரு துண்டுக்கும் 67தான். சிக்னல் மோசமான இடத்தில் துண்டு ஒன்று தங்கிப்போனால், மற்றவை வந்தும் செய்தி முழுதாகத் தெரியாமல் கிடக்கலாம். அந்த 22 வரியை எஸ்.எம்.எஸ்ஸில் போட்டிருந்தால் பத்துத் துண்டுக்கு மேல் போயிருக்கும்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாது. சார்ஜ் இறங்குகிறதே என்ற அவசரத்தில் இரண்டு செய்தி அனுப்பினாள். முதலாவது இது:

"அண்ணே, ராத்திரியிலருந்து சத்தி, வயித்தோட்டம். இன்னிக்கி வர முடியாது."

ஒரு நிமிடம் கழித்து:

"லாச்சி சாவி என்கிட்ட. தம்பி மொத பஸ்ல கொண்டுவாரான். 4 மணிக்கு பேசுறேன்."

இரண்டும் தனித்தனியாக 70க்குள் அடங்குகின்றன. நான் உட்கார்ந்து எண்ணினேன்: முதலாவது 68, இரண்டாவது சரியாக 70.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன். போன் கூவியதும் பார்த்தேன், ஐந்து மணிக்கு எழும்பிவிட்டேன். முதல் செய்தியில் எனக்கு வேண்டியது ஒன்றுதான்: ஆள் இல்லை. கடை திறப்பது எட்டு மணிக்கு. மாற்றாள் தோட்டத்திலிருந்து வர வேண்டும் என்றால் ஆறு மணிக்குள் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் முதல் பஸ் போய்விடும். டவுனுக்குள் இருக்கும் இன்னொரு பிள்ளைக்கு அன்று அரை நாள் ஓய்வு. ஐந்தரைக்கு அவளைக் கூப்பிட்டு, ஓய்வை அடுத்த கிழமைக்கு மாற்றித் தருவதாகச் சொன்னேன். சம்மதித்தாள். ஏழரைக்கு இதே செய்தி வந்திருந்தால் அவள் எங்கேயாவது புறப்பட்டுப் போயிருப்பாள். விடியுமுன் அனுப்பியதால் கிடைத்த பலன் அந்த இரண்டரை மணி நேரம்தான். தூக்கத்தைக் கெடுக்கிறோமே என்று ஏழு மணி வரை காத்திருக்கிற பிள்ளைகள் என்னைக் கேட்டால் தவறு செய்கிறார்கள்.

சாவி விசயம் அதைவிடப் பெரிது. அந்த லாச்சியில்தான் கடன் கொப்பி இருக்கிறது. சம்பள நாளுக்குத் தருகிறோம் என்று வாங்கியவர்கள் கணக்கெல்லாம் அதில். முற்பணம் கையில் வந்த அன்று பழைய பாக்கியைக் கட்டத்தான் முதலில் வருவார்கள். முன்பு ஒரு பையன் லீவு சொல்லி ஒரு பக்கம் எழுதியிருந்தான், காய்ச்சல் எத்தனை டிகிரி என்பதுகூட இருந்தது, சாவி தன் சட்டைப் பையில் இருப்பதை மட்டும் எழுதவில்லை. ஒன்பது மணிக்குப் பூட்டை உடைத்தோம். ஆகவே நம் கையில் கடைச் சாமான் என்ன இருக்கிறது, நாம் மட்டும் அறிந்த விசயம் என்ன இருக்கிறது என்று பார்த்து அதைச் சொல்லிவிட வேண்டும். நோயைப் பற்றி எழுதும் இடத்தை அதற்குக் கொடுக்கலாம்.

நோயை எவ்வளவு சொல்வது என்று அவள் கேட்டாள். "வயிறு சரியில்லை" என்று எழுதியிருந்தாலே எனக்குப் போதும். பெண் பிள்ளைகளுக்குச் சொல்ல விருப்பமில்லாத நாட்கள் இருக்கும், "உடம்பு சரியில்லை" என்பதும் உண்மைதானே. சொல்லாமல் விடலாம். இல்லாததைச் சொன்னால்தான் சிக்கல்.

அவள் பயத்துக்கு இன்னொரு காரணம், லீவு என்பது முதலாளி போடும் பிச்சை என்று நினைத்தது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டத்தில் வருடத்துக்கு ஏழு நாள் கெஷுவல் லீவு சம்பளத்தோடு உண்டு. சொந்த வேலைக்கு மட்டுமல்ல, சுகமில்லாத நாளுக்கும் அதுதான். சுகவீன லீவு என்று தனியாக அந்தச் சட்டத்தில் இல்லை, அதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். முதல் வருடத்தில் ஏழும் ஒரேயடியாகக் கிடைக்காது, இரண்டு மாதம் முடிய ஒரு நாள் என்று சேரும். அவள் மார்ச் தொடக்கத்தில் சேர்ந்தவள். ஏழு மாதம் முடிந்திருந்தது, அதனால் மூன்று நாள். ஓகஸ்டில் ஒன்று எடுத்துவிட்டாள், மிச்சம் இரண்டு.

நான் அனுப்பிய பதில்: "சரிம்மா. ரெஸ்ட் எடு. சாவி வந்தா போதும்." இதைப் பார்த்து, அண்ணன் கோபத்தில் சுருக்கமாகப் பேசுகிறார் என்று மத்தியானம் வரை யோசித்துக்கொண்டிருந்தாளாம். கடை திறக்கும் நேரத்தில் அதைவிட நீளமாக எழுத எனக்கு ஏது கை?

சொன்னபடி நான்கு மணிக்குப் பேசினாள். சத்தி நின்றுவிட்டது, வயிறு நிற்கவில்லை. ஞாயிறும் வர வேண்டாம், டிக்கோயா ஆஸ்பத்திரிக்குப் போய் மெடிக்கல் எடுத்துக்கொண்டு வா என்றேன். எங்கள் கடையில் முதல் நாளுக்கு மெடிக்கல் கேட்பதில்லை, இரண்டாம் நாளிலிருந்து கேட்போம். திங்கட்கிழமை வந்து லீவுப் படிவம் நிரப்பினாள். காரணம் எழுத அதில் இருக்கும் கட்டம் ஒரு விரல் நீளம். "வயிற்றோட்டம்" என்று எழுதி, நிமிர்ந்து என்னைப் பார்த்து, இன்னும் ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டாள். முதலாளி வாங்கி, "எத்தனை நாள், ரெண்டா?" என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டார்.

அந்த இரண்டு செய்தியிலும் ஒரே ஒரு குறைதான் எனக்குத் தெரிந்தது. மூடுபனியில் முதல் பஸ் நாற்பது நிமிடம் தாமதம். பாக்கி கட்ட வந்தவர்கள் வாசலில் நிற்க, தம்பி எங்கே வருகிறான் என்று கேட்க என்னிடம் அவன் நம்பர் இல்லை, அவள் போனிலோ சார்ஜ் தீர்ந்துவிட்டது. அவன் நம்பரை மூன்றாவது செய்தியாகப் போட்டிருந்தால், வெறும் பத்து இலக்கம்.