எழுத்தே இல்லாத ஸ்லைடை எப்படிச் சுருக்கி எழுதுவது?

வரிகள் நிறைந்த ஸ்லைடைச் சுருக்குவது எளிது. அங்கே ஏற்கெனவே வாக்கியங்கள் இருக்கின்றன. நாம் வெட்டுகிறோம், அவ்வளவுதான். படம் மட்டும் உள்ள ஸ்லைடில் வெட்டுவதற்கு எதுவும் இல்லை. அதற்கு நாம் எழுதும் ஒவ்வொரு வாக்கியமும் முதன்முதலாக நம் கையால் எழுதப்படுவது. அந்த வாக்கியம் கண்ணால் பார்த்ததா, அளவுகோல் வைத்து அளந்ததா, பாடநூலிலிருந்து நினைவுக்கு வந்ததா, அல்லது வெறும் ஊகமா என்பது எழுதும் நொடியில் நமக்குத் தெரியும். தேர்வுக்கு முந்தைய இரவில் குறிப்பேட்டைத் திறக்கும்போது நான்கும் ஒரே மையில், ஒரே உறுதியோடு நிற்கும். படச் சுருக்கத்தின் சிக்கல் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

உடலியங்கியல் பாடத்தில் எனக்கு வாய்த்த ஒரு ஸ்லைடை எடுத்துக்கொள்கிறேன். தலைப்பு இல்லை. ஒரு வரைபடம். அதில் மூன்று வளைவுகள்: நடுவில் தொடர்கோடு, இருபுறமும் புள்ளிக்கோடுகள். மூன்றும் கீழே மெல்லக் கிளம்பி, நடுவில் செங்குத்தாக ஏறி, மேலே தட்டையாகின்றன. நடுக்கோட்டிலிருந்து வலப்புறக் கோட்டை நோக்கி ஒரு சிவப்பு அம்புக்குறி. கிடை அச்சில் PO₂ என்றும் 0 முதல் 100 வரை இருபது இருபதாக எண்களும் உள்ளன, அலகு இல்லை. நெடுக்கை அச்சில் % குறியும் 0 முதல் 100 வரை எண்களும். எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று சொல்லும் குறிவிளக்கம் எங்கும் இல்லை.

உடலியங்கியல் படித்த எவருக்கும் இது ஹீமோகுளோபினோடு ஆக்சிஜன் சேர்வதையும் பிரிவதையும் காட்டும் வளைவு என்று உடனே தெரிந்துவிடும். ஆபத்தும் அங்கேதான் தொடங்குகிறது. அடையாளம் தெரிந்த மறுநொடி, "கார்பன் டையாக்சைடு கூடினால் வளைவு வலப்புறம் நகரும்; இடப்புறம் இருப்பது கருவின் ஹீமோகுளோபின்" என்று கை தானாக எழுதத் தொடங்கும். இரண்டும் உண்மையான செய்திகள்தாம். ஆனால் இந்த ஸ்லைடு அவற்றைச் சொல்லவில்லை.

நான் அச்சுகளிலிருந்து தொடங்குவேன், ஏனென்றால் அலகு இல்லாத அச்சைக்கூடப் படத்தைக் கொண்டே பெரும்பாலும் சரிபார்த்துவிடலாம். கிடை அச்சின் அலகு மில்லிமீட்டர் பாதரசமா, கிலோபாஸ்கலா? தமனி இரத்தத்தில் PO₂, அதாவது ஆக்சிஜனின் பகுதி அழுத்தம், ஏறத்தாழ 100 மி.மீ. பாதரசம், அதையே கிலோபாஸ்கலில் சொன்னால் சுமார் 13. அச்சு கிலோபாஸ்கலில் இருந்தால் வளைவின் ஏற்றம் முழுவதும் இடது ஓரத்தில் ஒடுங்கிக் கிடந்து, எஞ்சிய பகுதி வெறும் தட்டையாக இருக்கும். இந்தப் படத்தில் ஏற்றம் அச்சின் முதல் பாதி முழுக்கப் பரவியிருக்கிறது. ஆகவே மி.மீ. பாதரசம். இது ஊகம்தான், ஆனால் காரணம் உள்ள ஊகம். அந்தக் காரணத்தை ஒரு வரியில் உடனெழுதிவிட்டால் பிறகு யாரும் சரிபார்க்கலாம்.

நெடுக்கை அச்சுக்கும் அதே வழி. அது இரத்தத்தில் உள்ள மொத்த ஆக்சிஜனின் அளவா, ஹீமோகுளோபின் எத்தனை விழுக்காடு நிறைந்திருக்கிறது என்பதா? % குறி இரண்டாவதைச் சொல்கிறது. மூன்று கோடுகளும் மேலே ஏறத்தாழ ஒரே உயரத்தில் சேர்வதும் அதோடு ஒத்துப்போகிறது. இரத்தசோகையை மொத்த ஆக்சிஜன் அளவில் வரைந்தால் அந்தக் கோடு மேலே சேராமல் தாழ்ந்தே நின்றிருக்கும்.

அடுத்தது அளப்பது. நெடுக்கையில் 50 இருக்கும் இடத்தில் அளவுகோலைப் படுக்கையாக வைத்து, ஒவ்வொரு கோட்டையும் அது வெட்டும் இடத்திலிருந்து கீழே இறங்கினேன். நடுக்கோடு 25-க்கும் 30-க்கும் இடையில். வலக்கோடு 30-க்கும் 35-க்கும் இடையில். இடக்கோடு 20-ஐச் சற்றுத் தாண்டி. இருபது இருபதாகப் பிரித்த அச்சில் இதற்கு மேல் நுணுக்கமாகப் படிக்க முடியாது. பாடநூல்கள் இயல்பான மதிப்பாகச் சுமார் 27 என்று தருகின்றன. அதை எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் "படத்திலிருந்து 27" என்று எழுதக் கூடாது. படம் தந்தது 25 முதல் 30 என்ற இடைவெளி. 27 வெளியிலிருந்து வந்த எண். இரண்டையும் அடுத்தடுத்து எழுதினால், படம் இயல்பான நிலையோடு முரண்படவில்லை என்ற கூடுதல் தகவலும் கிடைத்துவிடுகிறது.

மிஞ்சியிருப்பது, கோடுகள் ஏன் நகர்ந்தன என்பது. வலப்புறம் நகர நான்கு வழக்கமான காரணங்கள் உண்டு: அமிலத்தன்மை கூடுவது, கார்பன் டையாக்சைடு கூடுவது, வெப்பநிலை ஏறுவது, சிவப்பணுவில் பிஸ்பாஸ்போகிளிசரேட் மிகுவது. இவற்றுள் எது என்று படம் சொல்லவில்லை. இடப்புறக் கோட்டுக்கு இவற்றின் எதிர்நிலைகளோடு கருவின் ஹீமோகுளோபினும் போட்டியில் இருக்கிறது. ஒன்றை மட்டும் விலக்கலாம்: அது மயோகுளோபின் அல்ல. மயோகுளோபினின் வளைவு தொடக்கத்திலேயே சட்டென ஏறிவிடும். இங்கே உள்ளதுபோல் மெல்லத் தொடங்கி நடுவில் செங்குத்தாகாது. எதெல்லாம் இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடிகிறதோ, அதையும் சுருக்கத்தில் சேர்ப்பது நல்லது. "தெரியவில்லை" என்பதன் பரப்பு அதனால் சுருங்குகிறது.

இவ்வளவும் பார்த்தபின் என் குறிப்பேட்டில் இருந்த சுருக்கம் இது:

> ஹீமோகுளோபின் ஆக்சிஜன் வளைவு, மூன்று நிலைகளில். படத்தில் உள்ளவை: நடுவில் தொடர்கோடு, இருபுறமும் புள்ளிக்கோடு, வலப்புறம் நோக்கி அம்பு. அளந்தவை (50 விழுக்காட்டில்): நடு 25–30, வலம் 30–35, இடம் 20-க்குச் சற்று மேல். பாடநூல்: இயல்பு நிலையில் சுமார் 27, ஆகவே நடுக்கோடு இயல்பு நிலையாக இருக்கலாம். அலகு எழுதப்படவில்லை, வளைவின் பரவலைக் கொண்டு மி.மீ. பாதரசம் எனக் கொண்டேன். தெரியாதவை: வலக்கோடு நகரக் காரணம் (pH, CO₂, வெப்பம், பிஸ்பாஸ்போகிளிசரேட் ஆகியவற்றுள் எது?), இடக்கோடு அதே காரணியின் மறுபக்கமா, கருவின் ஹீமோகுளோபினா? அறிய: மூலக் கோப்பு, அல்லது ஆசிரியர்.

இதில் "இருக்கலாம்" ஒரே ஒரு முறைதான் வருகிறது. ஐயத்தைக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு வரிக்கு வரி "ஒருவேளை", "போலும்" என்று தூவுபவர்கள் உண்டு. அப்படி எழுதினால் எல்லா வரியும் ஒரே அளவுக்குக் கலங்கிவிடும். அளந்து பெற்ற எண்ணுக்கும் வெறும் ஊகத்துக்கும் வேறுபாடு தெரியாது. எது ஐயம், எந்தெந்த வாய்ப்புகளுக்கு இடையில் ஐயம், எதைப் பார்த்தால் அது தீரும் என்ற மூன்றையும் ஓரிடத்தில் சொல்லிவிட்டால் மற்ற வரிகள் தலைநிமிர்ந்து நிற்கலாம்.

"அறிய: மூலக் கோப்பு" என்ற சொற்கள் உண்மையிலேயே பயன்பட்டன. எங்களுக்குக் கிடைத்தது பிடிஎஃப். ஆசிரியரிடம் கேட்டு பவர்பாயிண்ட் கோப்பை வாங்கினேன். பவர்பாயிண்டில் ஒரு படத்தின் ஓரத்தை வெட்டினால், வெட்டிய பகுதியைத் தனியாக நீக்கச் சொல்லாதவரை அது கோப்புக்குள்ளேயே மறைந்திருக்கும். படத்தைத் தேர்ந்தெடுத்து வெட்டும் கருவியை மறுபடி அழுத்தினால் மறைந்த பகுதி மங்கலாகத் தெரியும். இன்னொரு வழி, கோப்பின் நகலுக்கு `.pptx` என்ற பின்னொட்டை `.zip` என மாற்றித் திறப்பது. படங்கள் `ppt/media` என்ற உறையில் முழுமையாக இருக்கும். பேச்சாளர் குறிப்புகள் எழுதப்பட்டிருந்தால் அவை `ppt/notesSlides` உறையில் இருக்கும். என் படத்தின் வலது ஓரத்தில் வெட்டப்பட்டுக் கிடந்தது குறிவிளக்கம்: இடமிருந்து வலமாக pH 7.6, 7.4, 7.2. ஆக, மூன்றுமே ஒரே ஹீமோகுளோபின், அமிலத்தன்மை மட்டும் வேறு. கருவுக்கும் அந்தப் படத்துக்கும் தொடர்பே இல்லை.

கோப்பில் தேடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். படத்துக்கான மாற்று உரை என்ற இடத்தில் சில நேரம் ஒரு விவரிப்பு இருக்கும். அது ஆசிரியர் எழுதியதாக இல்லாமல் மென்பொருள் தானே நிரப்பியதாகவும் இருக்கலாம். அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பிடிஎஃப் இன்னொரு வகையிலும் ஏமாற்றும். வகுப்பில் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றிய அம்புகள் எல்லாம் பிடிஎஃபில் ஒரே பக்கத்தில் ஒன்றாக அப்பியிருக்கும். படிநிலைகளைக் காட்டும் வரைபடங்களில் இது பெரிய இழப்பு: எது முதலில், எது பிறகு என்ற வரிசை முற்றாகப் போய்விடுகிறது. எண் இடப்படாத அம்புகளைச் சுருக்கும்போது "முதலில், அடுத்து" என்ற சொற்களை நான் தவிர்த்துவிடுவேன். "இதிலிருந்து இதற்கு" என்று மட்டும் எழுதி, வரிசை தெரியவில்லை என்று குறித்துவைப்பேன்.

ஸ்கிரீன்ஷாட்டுகள் வேறு இனம். அவற்றில் எழுத்துக்குக் குறைவில்லை. சிக்கல் சட்டகத்துக்கு வெளியே இருக்கிறது. கணினி வலையமைப்பு படிக்கும் நண்பரின் ஸ்லைடு ஒன்றில், வலையமைப்பில் செல்லும் பொட்டலங்களைப் பதிவுசெய்து காட்டும் வயர்ஷார்க் மென்பொருளின் திரை இருந்தது. `[SYN]`, `[SYN, ACK]`, `[ACK]` என்று மூன்று வரிகள். "இணைப்பு உருவானபோது மூன்று பொட்டலங்கள் மட்டுமே சென்றன" என்று அவர் சுருக்கியிருந்தார். மேலே வடிகட்டிப் பட்டையில் `tcp.port == 443` இருந்தது. எண் நெடுவரிசையில் 14, 17, 18. அதாவது 15, 16 என இரண்டு பொட்டலங்கள் பதிவாகியுள்ளன. வடிகட்டி அவற்றை மறைத்திருக்கிறது. அவை என்ன என்று படம் சொல்லாது, ஆனால் "மட்டுமே" என்ற சொல்லை அது அனுமதிக்கவும் இல்லை. வடிகட்டி, உருள்பட்டையின் நிலை, எண்களில் தாவல் ஆகிய மூன்றையும் பார்க்காமல் ஸ்கிரீன்ஷாட்டைப் பற்றி "இல்லை", "மட்டும்", "எல்லாம்" என்ற சொற்களை எழுதாதீர்கள்.

தேர்விலேயே குறிவிளக்கம் இல்லாத படம் அச்சாகி வந்தால் இதே பிரிப்பு விடைத்தாளிலும் செல்லும். "கோடு வலப்புறம் நகர்ந்திருப்பதால், அதே அழுத்தத்தில் ஹீமோகுளோபின் குறைவாக ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, திசுவுக்கு அதிகமாக விடும். நகர்ந்த காரணம் படத்தில் குறிக்கப்படவில்லை. pH குறைந்திருந்தாலும், வெப்பநிலை ஏறியிருந்தாலும் விளைவு இதுவே" என்று எழுதலாம். நகர்வின் விளைவு எல்லாக் காரணங்களுக்கும் பொது என்பதால், அதை முதலில் உறுதியாக எழுதிவிட்டுக் காரணத்தை நிபந்தனையோடு பிறகு வைப்பதே எனக்குப் பிடித்த வரிசை.